ஆர்டர் டெஸ்க் ஒருங்கிணைப்பாளரின் பணி விவரம்: மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய பின்

கோயம்புத்தூரில் நீர்மூழ்கி பம்புகள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் விற்பனை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர் டெஸ்க்கில் ஓர் ஆளை நியமிக்க வேண்டி வந்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பக்க அளவில் பணி விவரம் ஒன்றை எழுதினேன். டீலர்களின் ஆர்டரைப் பதிவு செய்வது, நிலுவைப் பணத்தைக் கேட்டுப் பெறுவது, புகார்களைக் கவனிப்பது என மூன்று பொறுப்புகளை மூன்று தனிப் பத்திகளாக அதில் பிரித்திருந்தேன். படிக்கும்போது தெளிவாக இருந்த அந்தப் பிரிவினைதான் நடைமுறையில் முதலில் காலை வாரியது.

ஆர்டர் பதிவைப் பற்றி, "அன்று வரும் ஆர்டரை அன்றே ஏற்ற வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தேன். எங்கள் டீலர்களில் பெரும்பாலானவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே ஆர்டர் அனுப்புவார்கள். தேனிப் பக்கத்து டீலர் ஒருவர், "ஒன்றரை ஹெச்பி எட்டு போடுங்க, ஆறு பத்து ஸ்டேஜ், ரெண்டு பதினஞ்சு" என்று அனுப்பியிருந்தார். பதிவு செய்தவர் எட்டையும் பத்து ஸ்டேஜ் என்றே ஏற்றிவிட்டார். குதிரைத்திறன் ஒன்றாகவே இருந்தாலும், ஸ்டேஜ், அதாவது பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் அடுக்குகள், குறைந்தால் பம்பு தண்ணீரை ஏற்றக்கூடிய உயரமும் குறைந்துவிடும். ஆழமான போர்வெல்லில் மோட்டார் சத்தமில்லாமல் ஓடினாலும் மேலே வருவது நூல் போன்ற தண்ணீர்தான்.

டீலர் சர்வீஸ் பிரிவை அழைத்துப் புகார் சொன்னார். அவர்கள் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், ஆனால் ஆர்டர் டெஸ்க்குக்குத் தகவல் வரவில்லை. வரி உட்பட ஒரு பம்பு 16,520 ரூபாய் வீதம் பில் 1,32,160 ரூபாய். அவர் அனுப்பியது 99,120. மீதம் 33,040 ரூபாயைக் கேட்டு எங்கள் ஒருங்கிணைப்பாளர் வாரத்துக்கு இரண்டு முறை அழைத்துக்கொண்டே இருந்தார். பணி விவரத்தில் "வாரம் இருமுறை நினைவூட்டல்" என்று நானே எழுதியிருந்ததால் அவரைக் குறை சொல்ல வழியில்லை. ஆறாவது வாரம் டீலர் என்னையே அழைத்து, "தப்பான சரக்க அனுப்பிட்டு, அதுக்கும் காசு கேக்குறீங்களே சார்" என்றார்.

நிலுவைத் தொகையை ஒரு பம்பின் விலையால் வகுத்துப் பார்த்திருந்தால் சரியாக இரண்டு என்று வந்திருக்கும். பணமில்லாமல் இழுத்தடிப்பவர் பெரும்பாலும் 50,000, 25,000 என்று ரவுண்டான தொகையாக அனுப்புவார். சரக்கில் குறை கண்டவர் அந்தச் சரக்கின் விலையை மட்டும் பிடித்துக்கொள்வார். இந்த ஒரு கணக்கை இப்போது பணி விவரத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்: பகுதிப் பணம் வந்தால், அழைப்பதற்கு முன் மீதத்தை விலையோடு ஒப்பிட வேண்டும், பொருந்தினால் முதல் கேள்வி பணத்தைப் பற்றியல்லாமல் சரக்கைப் பற்றி இருக்க வேண்டும்.

இரண்டாவது திருத்தத்தில் எந்தப் புகாரும் பில் எண் இல்லாமல் பதிவாகக் கூடாது என்று சேர்த்தோம். புகார் நிற்கும் பில்லில், தகராறுக்குரிய தொகை தனியாகப் பிரிக்கப்பட்டு, அதற்கு மட்டும் நினைவூட்டல் நிறுத்தப்படும். மற்றது வழக்கம்போல் கேட்கப்படும். குரல் பதிவாக வரும் ஆர்டரை ஹெச்பி, ஸ்டேஜ், ஃபேஸ், எண்ணிக்கை என்ற வரிசையில் எழுத்தில் திருப்பி அனுப்பி, டீலரின் "சரி" வந்த பிறகே ஏற்ற வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்ததுதான். இதனால் சில ஆர்டர்கள் மறுநாளுக்குத் தள்ளிப்போவதால், "அன்றே" என்ற பழைய வரியை எடுத்துவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இளகவில்லை. ஆர்டர் ஏற்றுபவரே பண வரவையும் பதிந்து, பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டும் போட்டால், ஒரு தவறையோ கையாடலையோ மூன்று இடத்திலும் அவராலேயே மறைத்துவிட முடியும். ஆகவே ஒருங்கிணைப்பாளர் கிரெடிட் நோட்டுக்குப் பரிந்துரை மட்டுமே செய்வார், போடுவது கணக்குப் பிரிவு. இதன் குறை தாமதம். ஜிஎஸ்டியில் கிரெடிட் நோட்டின் வரிச் சரிசெய்தலை, சரக்கு போன நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டியாக வேண்டும். தீராத புகார் ஒன்று அந்தத் தேதியைத் தாண்டிப்போய், அதன் வரியை நாங்களே சுமந்ததும் உண்டு. அதனால் இப்போது செப்டம்பர் முதல் வாரத்தில், முந்தைய ஆண்டின் திறந்த புகார்களைப் பட்டியலிட்டுக் கணக்குப் பிரிவிடம் கொடுப்பது ஒருங்கிணைப்பாளரின் வேலை என்று தேதியோடு எழுதியிருக்கிறோம்.

இன்னும் சரிவராதது வேலையை மதிப்பிடும் பகுதிதான். முதலில் ஏற்றிய ஆர்டர்களின் எண்ணிக்கையை வைத்தேன், அவசரம் கூடியது. பிறகு வசூலான தொகையை வைத்தேன், புகார் பதிவாகாமல் பேச்சோடு முடிந்தது. தற்போது ஒரே பில்லுக்கு இரண்டாம் முறை வரும் புகார்களை மட்டும் எண்ணுகிறோம். ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சிலர் இரண்டாவது புகாரைப் புதிய பில் எண்ணில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.