கிரில் சிக்கன் வெந்துவிட்டதா: போட்டோவில் தெரியும் நிறமா, தெர்மாமீட்டர் காட்டும் எண்ணா?

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டுகிற நாளெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். கீழே ஒரே வரி: "அக்கா, வெந்துருச்சா பாரு." இரண்டு வருடமாக நானும் அந்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்து, "எலும்புகிட்ட இன்னும் சிவப்பா இருக்கு, திருப்பிப் போடு", "இது போதும், எடுத்துரு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கறியில் தெர்மாமீட்டர் ஊசி குத்தியிருக்க, அதன் எண் தெரிகிற போட்டோவாக இருந்தால் மட்டும்தான் பதில் போடுகிறேன்.

போட்டோவை வைத்து வேக்காட்டைச் சொல்ல நம்மிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. மேல் நிறம், வெட்டிய இடத்தின் நிறமும் வடியும் சாறும், தெர்மாமீட்டர் எண். மூன்றையும் பார்த்துத்தான் கடைசியாகச் சொன்னதில் வந்து நின்றேன்.

மேல் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காஷ்மீரி மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் தயிரும் பூசிய கோழி அடுப்பில் வைப்பதற்கு முன்பே சிவப்பாகத்தான் இருக்கிறது. கொழுப்பு கரியில் சொட்டித் தீ எழும்பினால் பத்தே நிமிடத்தில் தோல் கருகிவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

நம்மில் பெரும்பாலானவர்கள் நம்புவது இரண்டாவது வழியைத்தான். உள்ளே வெள்ளையாகிவிட்டால் வெந்தது, இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை. சாறு தெளிவாக வடிந்தால் வெந்தது, சிவந்து வடிந்தால் வேகவில்லை. அம்மா காலத்திலிருந்து கேட்டு வருகிற கணக்கு இது. வீட்டுக் குழம்பில் இது தவறாமல் இருந்ததற்குக் காரணம், குழம்பில் கறி கொதிக்கும் நீரில் வெகு நேரம் கிடக்கிறது. நிறம் பொய் சொன்னாலும் கறி வெந்துதான் இருக்கும். கிரில்லில் அந்தக் காப்பு இல்லை. வெளியே கருகி உள்ளே பச்சையாக இருப்பது அங்கே சாதாரணம்.

கறிக்குச் சிவப்பைத் தருவது ரத்தம் அல்ல, தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம். சூடு ஏறும்போது அது உருக்குலைந்து நிறம் மாறுகிறது. ஆனால் எந்தச் சூட்டில் மாறும் என்பது கறிக்குக் கறி வேறுபடும். கறியில் புளிப்பு ஏறியிருந்தால் சீக்கிரமே நிறம் போய்விடும். புளிப்பு குறைந்த கறி நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே நிற்கும். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் மயோகுளோபினோடு சேர்ந்து சூட்டுக்குக் கலையாத ஒரு சிவப்பைத் தரும். அடுப்பில் சுட்ட கறியின் ஓரத்தில் வளையம் போலத் தெரிகிற இளஞ்சிவப்பு அதுதான்.

எலும்பு ஒரு தனிக் கதை. நாம் வாங்கும் பிராய்லர் கோழி ஏறத்தாழ ஆறு வாரக் குஞ்சு. அதன் எலும்பு முழுதாக இறுகியிருக்காது. மஜ்ஜையின் நிறம் எலும்பைத் தாண்டிக் கசிந்து பக்கத்துக் கறியில் இறங்கும். ஃப்ரீசரில் வைத்து எடுத்த கோழியில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் உறையும்போது மஜ்ஜையின் செல்கள் உடைகின்றன. லெக் பீஸை எலும்பு வரை பிரித்து எடுத்த போட்டோவில் கருஞ்சிவப்பு தெரிந்தால் அது பாதி நேரம் இந்தக் கசிவாகத்தான் இருக்கும்.

இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடை உடையவை அல்ல. நான் முடிவை மாற்றிக்கொண்டதற்கு இதுதான் காரணம். வெந்த கறி சிவப்பாகத் தெரிந்தால் நஷ்டம் சின்னது. இன்னும் பத்து நிமிடம் போடுவோம், கறி கொஞ்சம் வறண்டுபோகும். வேகாத கறி வெள்ளையாகத் தெரிந்தால் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற நோய்க்கிருமிகள் உயிரோடு தட்டுக்கு வரும். நம்முடைய மசாலா முறை கறியைத் தள்ளுவது இந்த இரண்டாவது பக்கம். தயிர், எலுமிச்சை, சில வீடுகளில் வினிகர், எல்லாமே புளிப்பு. இரவு முழுக்க ஊறிய கறியை அடுப்பில் வைக்கும் முன்பே பாருங்கள், மேற்பரப்பு வெளுத்திருக்கும். புளிப்பு ஆழமாக இறங்காது, சில மில்லிமீட்டர்தான். ஆனால் மசாலா இறங்கட்டும் என்று நாம்தான் எலும்பு வரை கீறல் போடுகிறோமே! பிறகு வெந்ததா என்று பார்க்க அதே கீறலைத்தான் பிரித்துப் போட்டோ எடுக்கிறோம். புளிப்பு இறங்கியதும் அங்கேதான், சூடு முதலில் நுழைவதும் அங்கேதான். இரண்டு கீறலுக்கு நடுவே இருக்கும் தடித்த கறியைப் பற்றி அந்த போட்டோ எதுவும் சொல்வதில்லை.

மசாலா இல்லாத கோழியிலும் நிறம் முந்திக்கொள்கிறது. நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கோழி நெஞ்சுக்கறியின் உள்நிறம் பெரும்பகுதி 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே மாறிவிடுவதைக் கண்டார்கள். கிருமி சாக அந்தச் சூடு போதாது. அமெரிக்க வேளாண்மைத் துறை கோழிக்குச் சொல்லும் அளவு 74 டிகிரி. அதைவிடக் குறைந்த சூட்டிலும் நேரம் கூடக் கூடக் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் காற்றடிக்கும் மொட்டை மாடியில், கரி அடுப்பில், 65 டிகிரியைப் பல நிமிடம் பிடித்து வைக்க என்னால் முடியாது. 74-ஐத் தொட்டால் காத்திருக்க வேண்டியதில்லை.

சாறும் மயோகுளோபினைச் சுமந்து வருவதுதான், அதனால் நிறத்தின் குறைகள் எல்லாம் அதற்கும் உண்டு. நேரில் பார்த்தாலாவது, குத்திய துளையிலிருந்து வருவது எது, மேலே இருந்த எண்ணெய் எது என்று பிரித்துச் சொல்லலாம். போட்டோவில் மிளகாய்த்தூள் கலந்த எண்ணெயும் கறியின் சாறும் ஒரே சிவப்புப் பளபளப்புதான். எலும்பு ஓரம் குத்தினால் மஜ்ஜைக் கசிவு வரும், கீறல் ஓரம் குத்தினால் தெளிந்த தண்ணி வரும். துண்டு ஒன்றே, இரண்டு விடை.

இத்தனைக்கும் மேல் வெளிச்சம். தம்பி வீட்டு மாடியில் மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் பச்சைக் கறியின் வெளிர் ரோஜா நிறம் வெந்த கறியின் மஞ்சள் கலந்த வெள்ளையாகவே போட்டோவில் விழுகிறது. ஒரு முறை அதே துண்டை ஃபிளாஷ் போட்டு எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டாவது போட்டோவில் ரோஜா நிறம் பளிச்சென்று தெரிந்தது. ஒரே நிமிடம், ஒரே துண்டு. போன் கேமரா உணவுப் படத்தின் சிவப்பைத் தானாகவே கூட்டிக் காட்டினால் கணக்கு இன்னும் மாறும்.

போன புத்தாண்டு இரவு நடந்ததைச் சொல்கிறேன். அன்றுதான் தெர்மாமீட்டரோடு தம்பியின் முதல் கிரில். எலும்போடு நெஞ்சுக்கறி நான்கு, காலையில் வாங்கி தயிர், எலுமிச்சையில் ஊறவைத்தது. லெக் பீஸ் எட்டு, ஃப்ரீசரிலிருந்து எடுத்தது, அதே மசாலா. அரை மணி கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் பிரித்து போட்டோ அனுப்பினான். நெஞ்சுக்கறி வெள்ளை வெளேரென்று இருந்தது, சாறு தெளிவு. லெக் பீஸில் எலும்பைச் சுற்றிச் சிவப்பு, தட்டில் இளஞ்சிவப்புத் தண்ணி. பழைய வழக்கப்படி என்றால் நெஞ்சுக்கறியைப் பரிமாறு, லெக் பீஸைத் திரும்பப் போடு என்றிருப்பேன். ஊசியைக் குத்தி எண்ணை அனுப்பச் சொன்னேன். நெஞ்சுக்கறியின் நடுவில் 62. லெக் பீஸின் தொடைப்பகுதியில் 83. போட்டோ இரண்டையும் தலைகீழாகச் சொல்லியிருந்தது. அன்று அந்தப் பந்தியில் அவனுடைய மூன்று வயது மகளும் இருந்தாள்.

தெர்மாமீட்டரின் பெரிய பலம், அந்த எண் போட்டோவில் மாறுவதில்லை. மஞ்சள் பல்பிலும் 62 என்பது 62தான். ஆனால் ஊசி எங்கே இருக்கிறது என்பது தெரியாவிட்டால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அதனால் ஊசி நுழையும் இடமும் எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நெஞ்சுக்கறியில் பக்கவாட்டில், மிகத் தடித்த இடத்தின் நடுவுக்கு. லெக் பீஸில் தொடையின் தடித்த பகுதிக்கு, எலும்பில் படாமல். எலும்பில் பட்டுவிட்டால் எண் கறியின் சூட்டைக் காட்டாது, கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒரே துண்டில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, அதில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். சில நூறு ரூபாய் ஊசித் தெர்மாமீட்டர் இதற்குப் போதும். துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் கருவி மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும், இந்த வேலைக்கு ஆகாது.

கருவி சரியா என்று பார்க்க, டம்ளர் நிறைய ஐஸ் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஊசியை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 பார்ப்பவர்கள் ஊட்டியில் இருந்தால் ஏமாறுவார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஐஸ் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

விங்ஸில் எனக்குத் தெர்மாமீட்டர் உதவவில்லை. ஊசி நுனி எலும்பிலேயே முட்டுகிறது. மெல்லிய துண்டு என்பதால் அதைக் கூடுதல் நேரம் போட்டுவிடச் சொல்கிறேன், வறண்டாலும் பரவாயில்லை. மட்டன் சாப்ஸ் நான் கிரில் செய்தது நான்கைந்து முறைதான், அதில் அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. முழுத் துண்டு ஆட்டுக்கறிக்கு அமெரிக்க அளவு 63 டிகிரி, எடுத்த பின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். கொத்துக்கறியில் செய்யும் சீக் கபாபுக்கு அது பொருந்தாது. மேலே இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே போய்விடுவதால் 71 வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து ஏற்கெனவே பழுப்பேறிய கொத்துக்கறி அந்தச் சூட்டை எட்டுவதற்கு வெகு முன்பே உள்ளே முழுக்கப் பழுப்பாகிவிடும். கபாபை உடைத்து எடுத்த போட்டோவை நான் பார்ப்பதே இல்லை.

போன ஞாயிறு வந்த போட்டோவில் ஊசி நெஞ்சுக்கறியின் பக்கவாட்டில் நுழைந்திருந்தது, எண் 68. "மூடி போட்டு அஞ்சு நிமிஷம்" என்று அனுப்பினேன். அடுத்த போட்டோவில் 76. "எடுத்துரு."