வெங்காயமா, ரோஸ்மேரியா, பிருங்கராஜா? எண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் படிப்போம்

மூன்று எண்ணெய்களின் முன்பக்கமும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: முடி உதிர்வு குறையும். அந்த வரியின் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில் 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று விளக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். உடைவது வேறு, வேரிலிருந்து கொட்டுவது வேறு. சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. இரண்டு முனையிலும் இல்லையென்றால் நடுவில் உடைந்தது. எந்த எண்ணெய் தடவினாலும் உராய்வு குறைந்து உடைவதும் குறையும். அதற்கு வெங்காயமோ ரோஸ்மேரியோ தேவையில்லை, வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும்.

வேரிலிருந்து கொட்டுவதற்கு இந்த மூன்றும் என்ன செய்யும் என்பதுதான் உண்மையான கேள்வி.

வெங்காய எண்ணெய்க்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 2002-ல் ஈராக்கில் இருந்து வெளியான ஒரு சிறிய ஆய்வு. 38 பேர். பச்சை வெங்காயச் சாற்றை தினம் இரண்டு வேளை தடவியவர்களில் பெரும்பாலோருக்கு முடி முளைத்தது, வெறும் தண்ணீர் தடவியவர்களில் மிகச் சிலருக்கே முளைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு இருந்தது புழுவெட்டு, அதாவது வட்டம் வட்டமாக முடி கொட்டும் நோய். அது சிலருக்குத் தானாகவே சரியாகும். நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும் வேறு பிரச்சினை. அதோடு, அங்கே தடவியது சாறு, பாட்டிலில் இருப்பது எண்ணெய். ஆக, நோயும் வேறு, பொருளும் வேறு. மூன்றில் இதன் வாக்குறுதிதான் ஆதாரத்திலிருந்து மிகவும் விலகி நிற்கிறது.

ரோஸ்மேரியின் நிலை கொஞ்சம் மேல். 2015-ல் ஈரானில் பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரிடம் ரோஸ்மேரியையும், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடிலின் 2 சதவீதக் கரைசலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டிலும் சொல்லும்படி மாற்றமில்லை. ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் முடி எண்ணிக்கை கூடியது. 'மினாக்ஸிடிலுக்கு இணை' என்ற விளம்பரம் பிறந்தது இங்கேதான். ஆனால் ரோஸ்மேரி தடவியவர்களுக்கு, எண்ணிப் பார்த்த பகுதியில், சராசரியாகச் சுமார் 123 முடி 130 ஆனது, அவ்வளவுதான். எதுவும் தடவாத குழு ஒன்று இல்லாததால், அந்த ஏழு முடி எதனால் வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இன்று ஆண்களுக்குப் பரவலாக எழுதித் தருவதும் 2 சதவீதம் அல்ல, 5 சதவீதம். எனவே 'நான்கு வாரத்தில் புது முடி' என்று லேபிள் சொன்னால், அது தான் நம்பியிருக்கும் ஆய்வையே தாண்டிப் பேசுகிறது.

பிருங்கராஜ் நம் கரிசலாங்கண்ணிதான். முடி வளர்ச்சி பற்றி இதற்குக் காட்டப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகள் மேல் செய்தவை. ஆனால் லேபிளில் இது ஒரு படி நேர்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஆயுர்வேத மருந்து உரிமத்தில் வரும் பாட்டிலில், இத்தனை மில்லியில் எந்த மூலிகை எவ்வளவு என்று அளவு போட்டிருப்பார்கள். தைலம் காய்ச்சும் பொது அளவு ஒரு பங்கு எண்ணெய்க்கு நான்கு பங்கு சாறு, கால் பங்கு அரைத்த விழுது. அளவுப் பட்டியலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மூலிகை நிஜமாகச் சேர்ந்ததா, பெயருக்குத் தூவியதா என்று புரியும்.

அழகுசாதனப் பொருளாக விற்கும் பாட்டிலில் இந்த வசதி இல்லை, வரிசை மட்டும்தான் இருக்கும். 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு இறங்கும், அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். ஒரு பட்டியல் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: லிக்விட் பாரஃபின், சூரியகாந்தி எண்ணெய், வாசனை, அல்லியம் சேபா, வைட்டமின் ஈ. அல்லியம் சேபா என்பது வெங்காயம். வாசனைத் திரவியம் பொதுவாக 1 சதவீதம் அளவில்தான் சேர்ப்பார்கள். வெங்காயம் அதற்கும் பின்னால் வந்தால், நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் பாரஃபினுக்குத்தான். ரோஸ்மேரிக்கும் இதே கணக்குதான். அங்கே 'இலை எண்ணெய்' என்றிருக்கிறதா, 'சாறு' என்றிருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் ரோஸ்மேரியைத்தான் எடுப்பேன், அதுவும் ஆறு மாதம் தடவும் பொறுமை இருந்தால். தனி ரோஸ்மேரி எண்ணெயை அப்படியே தலையில் ஊற்றக் கூடாது, எரியும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு போதும், அதையும் முதலில் முழங்கை உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு பொடுகு இருந்தால் மூன்றுமே வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. வட்டமாகக் கொட்டினாலோ, பிரசவமோ காய்ச்சலோ இல்லாமல் திடீரென்று கொத்துக் கொத்தாக வந்தாலோ, பாட்டில் வாங்கும் காசைத் தோல் மருத்துவரிடம் கொடுங்கள்.