எட்டு இருபதா, ஏழு பதினாறா?

ரொறன்ரோவில் பாரிசவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பிரிவில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். அங்கு என்னிடம் வருபவர்களில் பலர், மருந்து கொடுக்கக்கூடிய நேரம் கடந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஆகவே நேரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். இந்த ஆடி மாதம் இலங்கையில், மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், பெரியப்பாவின் விடயத்தில் அந்த நேரத்தை முதலில் பிழையாகச் சொன்னவன் நான்தான்.

அன்று ஆடி வெள்ளி. பெரியம்மா காலை 5.30 மணிக்குப் பெரியப்பாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். பயணக் களைப்பில் நான் விடிந்ததும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தேன். 8.20 மணிக்குத் திரும்பி வந்த பெரியம்மா போட்ட சத்தத்தில் எழும்பி ஓடிப் பார்த்தபோது, பெரியப்பா திண்ணைத் தூணில் சாய்ந்தபடி இருந்தார். வாயின் வலது ஓரம் கீழே இழுபட்டு, அதன் வழியாக எச்சில் வடிந்தது. "கை விறைச்சுப் போச்சு" என்று அவர் சொல்ல முயன்றது, வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுபவரின் குரலாகக் குழறியது. கண்ணை மூடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னேன். இடது கை நின்ற இடத்தில் நின்றது. வலது கை, பத்து வரை எண்ணி முடிக்கும் முன்பே, அவர் அறியாமல் கீழே இறங்கிவிட்டது.

அடுத்த வீட்டிலிருந்து வந்தவர்கள் இது முகவாதம் என்றும், வாத எண்ணெய் தேய்த்தால் மாலைக்குள் சரியாகும் என்றும் சொன்னார்கள். அப்படியொரு முகவாதம் இருப்பது உண்மைதான். முகத்துக்குப் போகும் ஒரு நரம்பு மட்டும் வீங்கிச் செயலிழந்தால் முகத்தின் ஒரு பக்கம் தளரும். ஆனால் அதில் பெரும்பாலும் அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்க மறுக்கும், கண்ணும் முழுதாக மூடாது, கைக்கு ஒன்றும் ஆகாது. பெரியப்பாவுக்கு நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கியது. கையோ விறைத்துத் தளர்ந்திருந்தது. முகமும் கையும் ஒரே பக்கத்தில் திடீரெனக் கெட்டு, பேச்சும் குழறினால், கோளாறு முகத்தில் இல்லை, அதற்கு எதிர்ப்பக்கத்து மூளையில் இருக்கிறது. இதை வீட்டில் இருந்து ஆராய்ந்து தீர்க்க வேண்டிய தேவையும் இல்லை. எண்ணெயா, முச்சக்கர வண்டியா, ஊர் டிஸ்பென்சரியா என்ற வாதத்தில் பதினான்கு நிமிடம் போன பிறகு, 8.34 மணிக்கு 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம்.

சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்குக் காசு வாங்குவதில்லை. வண்டி 8.52 மணிக்கு வாசலில் நின்றது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரையில் இதை ஒரு நல்ல வேகமென்றே சொல்வேன். வந்தவர்கள் முதலில் விரலில் குத்திச் சீனியின் அளவைப் பார்த்தார்கள். சீனி வருத்தக்காரருக்கு அது மிகவும் இறங்கினாலும் பேச்சுக் குழறி ஒரு பக்கம் தளரக்கூடும் என்பதால், அதைப் பார்க்காமல் பாரிசவாதம் என்று முடிவு கட்டக்கூடாது. அளவு 142 இருந்தது; இறங்கியிருக்கவில்லை. அண்ணன் நீட்டிய பிரஷர் குளிசையையும் அஸ்பிரினையும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். தண்ணீரும் வேண்டாம் என்றார்கள். மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறதா, வெடித்து இரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுக்கும் வரை எவருக்கும் தெரியாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு "எப்ப தொடங்கினது?" என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல் "எட்டு இருபது" என்றேன். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அருகிலுள்ள சிறிய ஆஸ்பத்திரியில் நிறுத்தாமல், ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டு போனார்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும் முன்பு இந்த வாவியைப் பாதை என்று நாங்கள் அழைக்கும் மிதவையில்தான் கடக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதை கரைக்கு வரும்வரை வெயிலில் நின்ற நாட்கள் வண்டிக்குள் எனக்கு நினைவுக்கு வந்தன.

9.38 மணிக்குச் சேர்ந்தோம். பரிசோதித்த இளம் வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, "எட்டு இருபதுக்கு நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதா வாய் கோணியது?" என்று கேட்டார். இல்லை, அப்போதுதான் கண்டோம் என்றேன். "அப்படியென்றால் அது கண்ட நேரம். கடைசியாக இவர் நல்லாயிருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தது?" அந்தக் கேள்வியை என் வேலையிடத்தில் நூறு கோப்புகளில் வாசித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பெரியம்மா 5.30 என்றார். வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் மருந்தைத் தொடக்க நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடக்கத்தை யாரும் காணாவிட்டால், கடைசியாக நலமாகக் கண்ட நேரத்தையே தொடக்கமாக எடுப்பார்கள். 5.30 என்றால் 10.00 மணியுடன் கதவு மூடிவிடும். ஸ்கேன் முடிந்து வருவதற்கே அந்த நேரம் தாண்டிவிடும்.

இந்த நாலரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். குழாய் அடைபட்டதும், அது இரத்தம் கொடுக்கும் பகுதியின் நடுவிலுள்ள மூளைத் திசு சில நிமிடங்களில் இறக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, அயலிலுள்ள சிறு குழாய்களிலிருந்து கசியும் கொஞ்ச இரத்தத்தில் வேலை செய்யாமல், ஆனால் சாகாமல் கிடக்கிறது. தண்ணீர் குறைந்த வயலில் வாடி நிற்கும் பயிரைப்போல. மருந்து காப்பாற்றுவது அந்தப் பகுதியைத்தான். நேரம் போகப் போக அது சுருங்குகிறது. கூடவே, இறந்த பகுதியிலுள்ள குழாய்ச் சுவர்களும் பலமிழக்கின்றன. அந்த நிலையில் கட்டியைக் கரைத்து இரத்தத்தைத் திறந்துவிட்டால் அது மூளைக்குள் கசியக்கூடும். 1995 இல் வெளியான ஆய்வில், மூன்று மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்களிலேயே நூற்றுக்கு ஆறு பேரளவில் அப்படிப்பட்ட கசிவு ஏற்பட்டது; ஆனாலும் மூன்று மாதத்தின் பின் நன்றாக இருந்தவர்களின் தொகை மருந்து பெற்றவர்களிடையே கூடுதலாக இருந்தது. 2008 இல் வந்த இன்னொரு ஆய்வு எல்லையை நாலரை மணித்தியாலமாக்கியது. ஆகவே தொடங்கிய நேரத்தைப் பிந்திச் சொன்னால் மருந்து கிடைக்கும் என்று எண்ணிச் சொல்வது, நோயாளியின் தலைக்குள் இரத்தம் கசிய வழி செய்வதாகும். நான் சொன்ன 8.20 அந்த வகைப் பிழைதான். அதன்படி பார்த்தால் 12.50 வரை நேரம் இருப்பதாகத் தோன்றியிருக்கும்.

ரொறன்ரோவிலுள்ள அக்கா, பெரியப்பாவின் மூத்த மகள், வாரத்தில் பல நாள் அவருடன் வீடியோவில் பேசுபவர். அண்ணன் அவருக்கு அழைத்தார். "நேற்றிரவு 9.35க்குப் பேசினேன், நல்லாத்தானே இருந்தார்" என்று அழுதபடி சொன்னார். அண்ணன் பத்தரை மணித்தியாலத்தைக் கூட்டி 8.05 என்றார். மார்கழியில் அது சரி. ஆடியில் ரொறன்ரோ மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருப்பதால் ஒன்பதரைதான் கூட்ட வேண்டும். என் கைக்கடிகாரம் இன்னும் ரொறன்ரோ நேரத்திலேயே இருந்ததால் அதைப் பார்த்து 7.05 என்றேன். வைத்தியர் எங்கள் இருவரின் கணக்கையும் எடுக்கவில்லை. பெரியப்பாவின் தொலைபேசியைத் தரச் சொல்லி அழைப்புப் பட்டியலைப் பார்த்தார். இலங்கை நேரம் 7.05, பேசியது 11 நிமிடம். ஆகவே 7.16.

அதன் பிறகும் அவர் விடவில்லை. பேசும்போது முகம் தெரிந்ததா, தொலைபேசியை எந்தக் கையில் பிடித்திருந்தார், பேச்சு எப்படி இருந்தது என்று அக்காவிடம் கேட்டார். புதிதாக ஈன்ற கன்றைக் காட்டுவதற்காகப் பட்டிக்குப் போய், இடது கையில் தொலைபேசியைப் பிடித்தபடி வலது கையால் கன்றின் கயிற்றை இழுத்து இழுத்துக் காட்டினார் என்று அக்கா சொன்னார். முகமும் வலது கையும் பேச்சும் 7.16 வரை சரியாக இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கதவு 11.46 வரை திறந்திருந்தது.

10.02 மணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் கசிவு இல்லை. கிளினிக் கொப்பியைப் புரட்டி, இரத்தம் உறையாமலிருக்க அவர் மருந்து எதுவும் எடுப்பதில்லை என்பதை உறுதி செய்தார்கள். பிரஷர் 198க்கு 104 இருந்தது. 185க்கு 110 என்ற அளவுக்குக் கீழே இறக்காமல் மருந்தைத் தொடங்க முடியாது என்று, ஊசி மூலம் மெதுவாக இறக்கினார்கள். நிறை 62 கிலோ. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் 55.8 மில்லிகிராம், அதில் பத்திலொரு பங்கை ஒரு நிமிடத்தில் ஏற்றி, மிகுதியை ஒரு மணித்தியாலத்தில் செலுத்தினார்கள். தொடங்கியபோது மணி 10.31. நலமாக இருந்த கடைசி நிமிடத்திலிருந்து மூன்றே கால் மணித்தியாலம். பெரியம்மாவின் 5.30 மட்டும் எங்களிடம் இருந்திருந்தால், அதே மனிதருக்கு அதே நேரத்தில் அந்த மருந்து கிடைத்திராது. தூக்கத்திலிருந்து எழும்பும்போது வாய் கோணியிருப்பவர்களின் சிக்கலும் இதுதான்; அவர்களுக்குப் படுக்கப் போன நேரமே கணக்கு. எம்ஆர்ஐ வசதியுள்ள இடங்களில் படத்தைக் கொண்டு நேரத்தை ஊகிக்கும் முறை இருந்தாலும், எல்லா ஊரிலும் அந்த வசதி உடனே கிடைப்பதில்லை.

குறையும் ஒன்று சொல்லவேண்டும். வாசலிலிருந்து ஸ்கேன் அறைக்குத் தள்ளுவண்டி கிடைக்க எட்டு நிமிடம் நின்றோம். கனடாவிலும் நிற்கிறோம், ஆனால் அங்கே எனக்கு அது இவ்வளவு நீளமாகத் தெரிந்ததில்லை.

முதல் இரண்டு மணித்தியாலமும் கால் மணிக்கு ஒரு தடவை தாதி பிரஷர் பார்த்தார். தலைவலியோ வாந்தியோ வருகிறதா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார், ஏனெனில் கசிவின் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம். மாலையில் வாய் ஓரளவு நேராகியது. மறுநாள் இரண்டாவது ஸ்கேனிலும் இரத்தம் இல்லை என்று கண்ட பிறகே அஸ்பிரின் தொடங்கினார்கள். நான் புறப்பட்ட நாளில் பேச்சு ஏறத்தாழத் தெளிந்திருந்தது, நடந்தார். வலது கை விரல்கள் மட்டும் சொல்வழி கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போடப் பெரியம்மா வேண்டியிருந்தது. அந்த விரல்களுக்கான பயிற்சிகளை அண்ணனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில் தொடக்க நேரம் என்ற இடத்தில் 8.20 என்பதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 7.16 என்று எழுதியிருந்தது.