மஞ்சள் இலக்கத் தகடு: லண்டனா, பாரிஸா, நெதர்லாந்தா?

வன்னியில் எங்கள் வீடுகளிலுள்ள ஆல்பங்களில், வெளிநாட்டில் ஒரு காரின் அருகில் நின்று எடுத்த படம் ஒன்றேனும் இருக்கும். நாட்டுக்குறி ஒட்டப்படாத காராயின், அது எந்த நாடு என்பதற்கு இலக்கத் தகடே சாட்சி. நிறம் முதலில் கண்ணில் பட்டாலும், அதைவிட வடிவத்தையே நான் நம்புவேன்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவில் முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள். இலங்கையில் இன்று நாம் காணும் தகடுகளும் அப்படியே. பிரான்சிலும் 1990களில் பின்தகடு பெரும்பாலும் மஞ்சளாகவே இருந்தது. இந்த நான்கில் நெதர்லாந்தில் மட்டும் இரு பக்கமும் மஞ்சள். ஆகவே முன்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் லண்டனையும் இலங்கையையும் நீக்கிவிடலாம். பின்பக்கம் மட்டும் தெரிந்தால் நிறம் எதையும் தீர்க்காது. பழைய அச்சுப் படங்கள் முழுவதுமாக மஞ்சளேறிப் போவதால், வெள்ளைத் தகடும் மஞ்சளாகத் தோன்றும். அருகில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையோடு ஒப்பிட்டே நிறத்தை உறுதிசெய்ய வேண்டும்.

சுவிஸ் தகட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெரும்பாலான கார்களின் பின்தகடு இரண்டு வரிகளாக, உயரமான பெட்டிபோல் இருக்கும். அதன் மேல்வரியில் இரு ஓரங்களிலும் சிறு கேடயச் சின்னங்கள் தெரியும்.

கிளிநொச்சியில் அயல்வீட்டு மாமி, தன் தம்பியின் படம் ஒன்றைக் காட்டி, "இது லண்டன்தானே, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். படத்தில் காரின் பின்பக்கம் மட்டுமே இருந்தது. தகடு மஞ்சள், எழுத்துகள் மங்கல். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, ஆறு குறிகளும் இரண்டிரண்டாக மூன்று கூட்டங்களாகப் பிரிந்திருப்பதும், இடையில் இரு சிறு கோடுகள் இருப்பதும் தெரிந்தன. அக்காலப் பிரித்தானியத் தகட்டில் கோடு கிடையாது. ஓர் எழுத்தும் அதையடுத்த இலக்கங்களும் முன்னால் வர, ஓர் இடைவெளிக்குப் பின் மூன்று எழுத்துகள் வரும். பிரெஞ்சுத் தகட்டிலோ இலக்கங்கள், எழுத்துகள், இறுதியில் மாவட்ட எண் என்ற வரிசை, பாரிஸ் எனில் 75. இரண்டும் பொருந்தவில்லை, நெதர்லாந்து பொருந்தியது. அங்கு நீலப் பட்டையும் நாட்டெழுத்தும் 2000ஆம் ஆண்டில்தான் கட்டாயமாயின என்பதால், இந்தத் தகட்டில் அவை இல்லாதது வியப்பல்ல.

கூட்டங்களின் ஒழுங்கு இன்னொன்றையும் சொன்னது. இதைப்போல முதலிரண்டு கூட்டங்கள் எழுத்துகளாகவும் கடைசிக் கூட்டம் இலக்கமாகவும் உள்ள தகடுகள் நெதர்லாந்தில் 1991 முதல் 1999 வரை புதிய கார்களுக்கு வழங்கப்பட்டவை. எனவே அந்தப் படம் 1991இற்கு முன் எடுக்கப்பட்டதாக இருக்க முடியாது.