புதுச்சேரியில் டேட்டா ரெக்கவரிக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: கடைக்காரர் தரும் செக்சம் லிஸ்ட்டை நம்பாதீர்கள்

கடலூர்ப் பக்கத்துத் தெருக்கூத்து கேசட்டுகளை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக மாற்றி வைத்திருக்கிறோம். அந்த ஹார்ட் டிஸ்க் திணற ஆரம்பித்ததால், புதுச்சேரியில் ஒரு கடையில் புது டிஸ்க்குக்கு மாற்றக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். திரும்பி வந்தபோது கூடவே ஒரு செக்சம் பட்டியல், அதாவது ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் வைத்துக் கணக்கிட்ட அடையாள எண்களின் பட்டியல். “எல்லாம் வெரிஃபை பண்ணியாச்சு சார், நூத்துக்கு நூறு” என்றார்.

அவர்கள் அந்தப் பட்டியலை எடுத்தது புது டிஸ்க்கிலிருந்து, காப்பி முடிந்த பிறகு. கெட்டுப்போன ஃபைலுக்குச் செக்சம் எடுத்து, அதே ஃபைலோடு ஒப்பிட்டால் OK என்றுதான் வரும்! மூலத்திலிருந்து சரியாக வந்ததா என்பதற்கு அது சாட்சியே இல்லை.

எங்களிடம் கேசட்டை மாற்றிய அன்றே எடுத்த பட்டியல் இருந்தது. ஒரு கேசட்டுக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே data, பக்கத்தில் பட்டியல். பேக்இட் என்கிற ஆவணக் காப்பக முறை இது. அந்தப் பட்டியலைப் புது டிஸ்க்கில் வைத்து ஓட்டினேன்:

```
$ sha256sum -c manifest-sha256.txt
data/KT-014_A.wav: FAILED open or read
```

ஃபைலே இல்லை என்கிறது. பார்த்தால், எல்லா ஃபோல்டரையும் கலைத்து ஒரே இடத்தில் கொட்டி, பெயரையும் Track001 என்று மாற்றியிருக்கிறார்கள். “நீட்டா அடுக்கிக் கொடுத்தோம் சார்” என்று விளக்கம் வேறு. பட்டியல் ஃபைலை அதன் பாதையை வைத்துத்தான் தேடும். ஆனால் பெயர் மாறினால் செக்சம் மாறாது. அதனால் புது ஃபைல்களுக்கெல்லாம் செக்சம் எடுத்து, பழைய பட்டியலின் எண்களோடு மட்டும் பொருத்தினேன். பொருந்தியவற்றுக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தேன். எதோடும் பொருந்தாதவைதான் கெட்டவை.

அவற்றின் அளவு பைட் பிசகாமல் அப்படியே இருந்தது. கடைக்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். படிக்க முடியாத செக்டர்களுக்குப் பதில் ரெக்கவரி மென்பொருள் வெறும் பூஜ்யங்களை நிரப்பிவிடும், அளவு எப்படிக் குறையும்? ஆடாசிட்டியில் திறந்தால் பாட்டின் நடுவே அலை தட்டையான கோடாகக் கிடக்கிறது. கேசட் பதிவில் பேச்சே இல்லாத இடத்திலும் டேப்பின் இரைச்சல் இருக்கும். முழு நிசப்தம் வந்தாலே அங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தரத்தில் ஸ்டீரியோவில் 1 எம்பி போனால் கிட்டத்தட்ட 1.8 விநாடி போச்சு. மேலோட்டமாகக் கேட்டால் தப்பிவிடும்.

செக்சம் கெட்டதைக் காட்டும், சரிசெய்யாது. திருப்பாதிரிப்புலியூரில் மாமா வீட்டில் இன்னொரு பிரதி இருந்ததால் அந்த ஃபைல்களை மீட்டோம். கடையில் பணம் திரும்பவில்லை.

கொடுக்கப் போகிறவர்கள் ஃபோல்டரையும் பெயரையும் தொடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்தெந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்கிற லாக் கேளுங்கள். பழைய பட்டியல் இருந்தால் பணம் கொடுக்கும் முன் அவர்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். 1 டிபி டிஸ்க் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.