பிளேலிஸ்ட் மாற்றித் தரும் இணையதளங்கள்: பாஸ்வேர்டை மாற்றினாலும் விட மாட்டார்கள், கவனம்

ஒரு மியூசிக் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நம் பிளேலிஸ்ட்டை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று சில இணையதளங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, காசையும் வாங்கிக்கொண்டு, பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கும் எங்கள் அக்காவின் ஸ்பாட்டிஃபை கணக்கில் செய்த அழிச்சாட்டியம் இது.

அக்கா பழைய பாட்டையெல்லாம் கொண்டுவரப் பணம் கட்டினாள், பாட்டும் வந்து சேர்ந்தது, அதோடு அந்தத் தளத்தையே மறந்துவிட்டாள். பல மாதம் கழித்து, காலையில் சமைக்கும்போது கேட்கிற மார்கழிப் பிளேலிஸ்ட்டில் இரண்டு நாதஸ்வரத்துக்கு நடுவே மழைச் சத்தம், அப்புறம் யாரோ பியானோவைத் தட்டுகிற சத்தம். ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒருமுறை கேட்டதாகக் கணக்கு, அதனால் அந்த நீளம் தற்செயல் என்று நான் நம்பவில்லை. போதாததற்கு, கேள்விப்பட்டே இராத கலைஞர்களை அவள் பின்தொடர்வதாகவும் காட்டியது.

"பாஸ்வேர்டையும் மாத்திட்டேன், எல்லா இடத்துலயும் லாக் அவுட்டும் பண்ணிட்டேன், அப்புறமும் எப்படிடா வருது?" என்று போன் பண்ணினாள். நியாயமான கேள்விதான். லேப்டாப்பில் அந்தப் பிளேலிஸ்ட்டைத் திறந்து Date added வரிசையில் அடுக்கிப் பார்த்தால், பொங்கலுக்குச் சேலம் போய் ஸ்பாட்டிஃபையைத் தொடக்கூட இல்லாத நாட்களிலும் பாட்டு சேர்ந்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் வருகிறது என்றால், யாரும் அவள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை.

விஷயம் என்னவென்றால், இந்த மாதிரித் தளங்களிடம் நம் பாஸ்வேர்ட் போவதே இல்லை. முதல்முறை இணைக்கும்போது ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தி அனுமதி கொடுக்கிறோமே, அதற்குப் பதிலாக ஸ்பாட்டிஃபை அவர்களுக்கு ஒரு டோக்கன், அதாவது நுழைவுச் சீட்டு மாதிரி ஒன்று, கொடுக்கிறது. அதன் ஆயுள் ஒரு மணி நேரம்தான், ஆனால் கூடவே வரும் இன்னொரு டோக்கனைக் காட்டி அவர்கள் புதிது புதிதாக வாங்கிக்கொண்டே இருக்கலாம், நம்மை மறுபடி கேட்க வேண்டியதில்லை. அந்த அனுமதிப் பக்கத்தில் Take actions in Spotify on your behalf என்ற தலைப்பின் கீழ் பிளேலிஸ்ட் உருவாக்க, திருத்த, யாரைப் பின்தொடர்வது என்று தீர்மானிக்க என வரிசையாக எழுதியிருக்கும். பிளேலிஸ்ட்டை மாற்றித் தர ஒருவருக்குத் திருத்தும் அனுமதி வேண்டும்தான், அதில் தப்பில்லை. வேலை முடிந்த பிறகும் அதை வைத்துக்கொண்டு விளையாடியதுதான் அயோக்கியத்தனம். (நீ அதிகம் கேட்ட பாட்டு எது என்று படம் போட்டுக் காட்டும் தளம் இதே திருத்தும் அனுமதியைக் கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள், அதற்குப் படிக்கும் அனுமதியே தாராளம்.)

சரி, வெட்டிவிடுவது எப்படி? பிரவுசரில் spotify.com/account/apps போய் லாகின் செய்தால் Manage apps பக்கம் வரும். இணைத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் Remove access என்று இருக்கும், அழுத்தினால் போதும். கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மணி நேர டோக்கன் தீரும்வரை கொஞ்சம் ஆடலாம் என்பதால், உடனே சுத்தம் செய்ய உட்காராமல் ஒரு காபி குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். அக்கா பட்டியலில் மாற்றித் தந்த அந்தத் தளம், எப்போதோ ஆபீஸ் பார்ட்டிக்கு இணைத்த ஒன்று, ஹால் ஸ்பீக்கர், தம்பி மகனின் கேம் பெட்டி எல்லாம் இருந்தன. முதல் இரண்டையும் தூக்கினோம். ஸ்பீக்கரைத் தவறி நீக்கினாலும் பயமில்லை, மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அனுமதியை நீக்கினால் அவர்கள் செய்துவைத்தது தானாகச் சரியாகாது. நுழைத்த பாட்டுகளை Date added வரிசையில் பார்த்து நாமே அழிக்க வேண்டும், பின்தொடர்வதையும் ஒவ்வொன்றாக விட வேண்டும். முழுப் பிளேலிஸ்ட்டே காணாமல் போயிருந்தால் 90 நாளுக்குள் spotify.com/account/recover-playlists பக்கத்தில் மீட்கலாம், ஆனால் இருக்கும் பிளேலிஸ்ட்டுக்குள்ளிருந்து உருவிய பாட்டுக்கு அது உதவாது. ஸ்பாட்டிஃபை பரிந்துரையிலும் மழைச் சத்தமாக வந்தால், அந்தப் பிளேலிஸ்ட்டின் மூன்று புள்ளியை அழுத்தி Exclude from your taste profile கொடுத்துப் பாருங்கள். இணைத்த அன்றே அவர்கள் எடுத்துக்கொண்ட ஈமெயில் முகவரியை மட்டும் திரும்ப வாங்க முடியாது. கட்டிய பணத்தைக் கேட்டு அக்கா எழுதிய மெயில் அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது, விளம்பர மெயில் மட்டும் இன்னும் தவறாமல் வருகிறது.