ப்ரொமிதியஸ், அலேர்ட்மனேஜர்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள் விற்கும் சில கடைகளின் இணைய ஓடர்களை நாங்கள் இரண்டு பேர்தான் பார்த்துக்கொள்கிறோம். சேர்வர் வெளிநாட்டில் இருக்கிறது. கடைகளில் ஒரு பில் மெசினும் ரவுட்டரும் இருக்கின்றன. இவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் ப்ரொமிதியஸையும், அதன் அலாரங்களை எங்களுக்குச் செய்தியாக அனுப்பும் அலேர்ட்மனேஜரையும் போட்டு மூன்று வருடமாகிறது. கருவிகளில் எனக்குத் திருப்திதான். ஆனால் அலாரங்களைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது இரண்டாவது வருடத்தில்தான். அதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

"அண்ணை, கனடாவில இருந்து ஒரு அக்கா கதைக்கிறா. காசு வெட்டுப்பட்டிட்டுதாம், ஓடர் வரேல்லையாம்" என்றார் கடைத் தம்பி.

லொக்கைத் திறந்தால் `payment callback failed` என்று ஒற்றை வரி. எந்த ஓடர், எவ்வளவு தொகை, ஏன் என்று எதுவும் இல்லை. வங்கிப் பக்கத்து நேரத்தையும் எங்கள் நேரத்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. தள்ளுபடிக் கணக்கில் ஒரு சதம் வித்தியாசம் வந்து, தொகை பொருந்தவில்லை என்று எங்கள் நிரலே அந்தப் பணப் பதிவை நிராகரித்திருந்தது. இப்போது அந்த வரியில் ஓடர் இலக்கம், எதிர்பார்த்த தொகை, வந்த தொகை மூன்றும் இருக்கின்றன. அவை இருக்கின்றனவா என்று பார்க்க பைடெஸ்டின் `caplog` வைத்து ஒரு சோதனையும் எழுதியிருக்கிறோம். யாராவது அந்த வரியைச் சுருக்கினால் சோதனை விழும்.

எனக்கு உண்மையில் உறைத்தது வேறு விஷயம். இதற்கென்றே ஒரு அலாரம் இருந்தது:

```
increase(callback_errors_total[10m]) > 0
```

பிழை நடந்திருக்கிறது, பிழைகளைக் கணக்கிடும் எண்ணியிலும் 1 என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் அலாரம் அடிக்கவில்லை. விதியை எத்தனை தரம் வாசித்தாலும் சரியாகவே தெரிந்தது. கடைசியில் ப்ரொமிதியஸோடு வரும் `promtool test rules` கொண்டு அன்று நடந்ததை அப்படியே ஊட்டிப் பார்த்தேன்:

```
values: '_x20 1x10'
```

முதல் இருபது நிமிடம் தரவே இல்லை, பிறகு 1. முடிவு `FAILED`, பக்கத்தில் `got:[]`. அதையே `'0x19 1x10'` என்று மாற்றியதும் அலாரம் வந்தது. `increase` இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்க்கும். பைதன் நூலகத்தில், பிழையின் காரணம் போன்ற லேபல் உள்ள எண்ணி, முதற்பிழை வரும்வரை வெளியே தெரியவே தெரியாது. அது பிறக்கும்போதே 1 ஆகப் பிறந்தால் கூடியதாகக் கணக்கில்லை. ஒவ்வொரு டிப்ளோயிலும் நிரல் மறுபடி தொடங்கும், எண்ணியும் மறைந்துவிடும். எங்களைப் போல மாதத்தில் ஒன்றிரண்டு பிழை வரும் இடத்தில் அந்த அலாரம் பெரும்பாலும் அடித்திருக்காது. தொடக்கத்திலேயே ஒவ்வொரு காரணத்தையும் ஒரு தரம் கூப்பிட்டு வைத்தால் எண்ணி 0 இலிருந்து தொடங்கும்:

```
ERRORS.labels(reason="amount_mismatch")
```

கூப்பிட்டு வைத்தாலும், நிரல் தொடங்கிய பிறகு ப்ரொமிதியஸ் ஒரு தரமாவது வந்து அந்த 0 ஐ வாசித்திருக்க வேண்டும். அதற்கு முன்னரே பிழை வந்தால் பழைய கதைதான். அந்தச் சில விநாடி ஓட்டை இன்னும் இருக்கிறது.

சத்தத்தைக் குறைத்தது வேறு வேலை. ஒரு பகுதியில் கரண்ட் போனால் அங்குள்ள கடையில் ரவுட்டர், பில் மெசின், பிரிண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி வரும். மழைக்காலத்தில் நாங்கள் தொலைபேசியைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம், அதுதான் ஆபத்து. ரவுட்டர் அலாரம் இருந்தால் அதே கடையின் மற்றவற்றை அடக்கச் சொல்லி அலேர்ட்மனேஜரின் `inhibit_rules` இல் `equal: ['site']` போட்டோம். பிறகு ஒரு ஞாயிறு காலை, கடை பூட்டியிருந்தபோது போய் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றினேன். ஒன்றல்ல, மூன்று செய்தியும் வந்தன. எல்லா விதியிலும், ஐந்து நிமிடம் பொறுத்து அடி என்று சொல்லும் `for: 5m` என்றே இருந்ததுதான் காரணம். அடக்க வேண்டிய அலாரமும் அடங்க வேண்டியவையும் ஒரே நேரத்தில் போட்டி போட்டன. ரவுட்டருக்கு மட்டும் `2m` ஆக்கி மறுபடி கழற்றினேன். ஒரே செய்திதான் வந்தது. அப்புறம் ரவுட்டரை மாட்டிவிட்டு பில் மெசினை மட்டும் நிறுத்தினேன். அதற்குரிய செய்தி ஆறாவது நிமிடம் வந்தது. இந்தக் கடைசிப் படியை விடக்கூடாது, தேவையானதையும் சேர்த்து அடக்கிவிட்டோமா என்று அதில்தான் தெரியும்.

ப்ரொமிதியஸே விழுந்தால் சொல்ல ஆளில்லை. அதற்காக `vector(1)` என்று எப்போதும் எரியும் ஒரு அலாரத்தை வெளிச் சேவை ஒன்றுக்கு அனுப்புகிறோம். அது வராமல் நின்றால் அந்தச் சேவை எங்களுக்கு அழைக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு ப்ரொமிதியஸை நிறுத்திவிட்டு, அழைப்பு வரும்வரை காத்திருந்து, பிறகுதான் திரும்பத் தொடக்குகிறேன்.